வேற்றுத் துறை மதிப்பீட்டாளருக்கு எழுதும் ஆய்வுச் சுருக்கம்

கருத்தரங்குக்கு அனுப்பும் ஆய்வுச் சுருக்கம் பெரும்பாலும் 250 அல்லது 300 சொற்களுக்குள் அடங்க வேண்டியது. அதைப் படித்து ஏற்பதா, தள்ளுவதா என்று சொல்லும் மதிப்பீட்டாளர்கள் எல்லாரும் எழுதியவரின் உட்பிரிவைச் சேர்ந்தவர்களாக இருப்பதில்லை. தென்னாசியவியல் கருத்தரங்கு ஒன்றில் கல்வெட்டுக் கட்டுரையின் சுருக்கம் அகழாய்வாளர் கைக்குப் போகலாம்; சமூக வரலாற்றாளர் கைக்கும் போகலாம். தம்மிடம் வந்த பல சுருக்கங்களில் ஒன்றாகவே அவர் அதைப் படிப்பார். தெரியாத கலைச்சொல்லைத் தேடிப் பார்க்க அவருக்குப் பொழுது இராது. ‘இதில் புதிதாக என்ன இருக்கிறது?’ என்ற கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால், கட்டுரை சரியா தவறா என்று அவர் யோசிப்பதற்கு முன்பே மதிப்பெண் குறைந்துவிடும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டாக அமையும் ஒரு கண்டுபிடிப்பு 1924இல் சென்னையில் கூடிய மூன்றாவது அகில இந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் வெளிவந்தது. பாண்டிய நாட்டு மலைக்குகைகளில் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டிருந்த வாசகங்களைப் பற்றிக் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அங்கே கட்டுரை அளித்தார். 1919இல் புனேயில் நடந்த முதல் மாநாட்டில் எச். கிருஷ்ண சாஸ்திரி இதே கல்வெட்டுகளை ஆராய்ந்திருந்தார். ஆனால் அவற்றின் மொழி எது என்பது அப்போது தெளிவாகவில்லை. பிராகிருதத்தின் கண் கொண்டே அவற்றைப் படிக்க முயன்றார்கள். அந்த மொழி தமிழ் என்று நிறுவியதே சுப்பிரமணிய ஐயரின் பங்களிப்பு.

அந்த முடிவை இன்று ஒருவர் சுருக்கமாக எழுதி அனுப்ப வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். துறைக்குள்ளேயே பழகியவர் முதலில் எழுதுவது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

“பாண்டிய நாட்டுக் குகைத்தளப் பிராமிக் கல்வெட்டுகளின் தொல்லெழுத்தியல் கூறுகள் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. ழகர, றகர, னகர வரிவடிவங்களும் ஒலிப்புடை வெடிப்பொலிக் குறிகளின் இன்மையும் சுட்டப்பட்டு, அவற்றின் மொழியியல் முக்கியத்துவம் விவாதிக்கப்படும்.”

இதில் பிழை ஏதும் இல்லை. கல்வெட்டறிஞர் ஒருவர் படித்தால் ‘ழகரம்’ என்ற இடத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். அந்த எழுத்து அங்கே இருப்பதால் என்ன விளைகிறது என்பது அவருக்குச் சொல்லாமலே விளங்கும். அகழாய்வாளருக்கு அது விளங்காது. யாரோ சில எழுத்து வடிவங்களைப் பட்டியலிடப் போகிறார் என்றே அவர் நினைப்பார். ‘முக்கியத்துவம் விவாதிக்கப்படும்’ என்ற தொடரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முடிவைச் சொல்ல வேண்டிய இடத்தில் முடிவு பின்னால் வரும் என்று வாக்குக் கொடுக்கும் தொடர் அது. ஆய்வுச் சுருக்கங்களில் இதைவிடப் பயனற்ற வாக்கியம் காண்பது அரிது.

இதையே வேற்றுத் துறையாருக்கும் எட்டும் நடையில் எழுதினால்:

“மதுரைப் பகுதி மலைக்குகைகளில் உள்ள பிராமிக் கல்வெட்டுகள் எந்த மொழியில் அமைந்தவை என்பது தெளிவாகவில்லை, பிராகிருதமாகக் கொண்டு படிக்கும் முயற்சிகள் பொருள் தரவில்லை. அவை தமிழில் அமைந்தவை என்று இக்கட்டுரை காட்டுகிறது. ழ, ற, ன போன்ற தமிழ் ஒலிகளுக்கென்றே அமைந்த எழுத்துகள் இவற்றில் வருகின்றன. அசோகர் காலப் பிராமியில் இவை இல்லை. மறுபுறம், வடமொழியில் ‘கங்கை’ என்ற சொல்லின் தொடக்கத்தில் ஒலிக்கும் மெல்லிய ககரம் போன்ற ஒலிப்புடை எழுத்துகள் பிராகிருதம் எழுத இன்றியமையாதவை. அவை இங்கே அநேகமாக இல்லை. ஆகவே பண்டைத் தமிழகத்தில் எழுத்து வழங்கியதற்கு இக்கல்வெட்டுகளை நேர்ச் சான்றாகப் பயன்படுத்தலாம். இவற்றின் காலத்தை இக்கட்டுரை தீர்மானிக்கவில்லை.”

எளிய சொற்கள் கூடியிருப்பது கண்ணுக்கு முதலில் படும் மாற்றம். ஆனால் பெரிய மாற்றம் வரிசையில் நடந்திருக்கிறது. இதுவரை தெரியாமலிருந்தது என்ன என்று முதல் வாக்கியம் சொல்கிறது. இரண்டாவது வாக்கியமே முடிவைச் சொல்லிவிடுகிறது. சான்று அதற்குப் பிறகுதான் வருகிறது. துறைக்குள் பேசும்போது சான்றிலிருந்து முடிவுக்குப் போவது இயல்பு, ஏனெனில் கேட்பவர் பாதி வழியிலேயே முடிவை ஊகித்துவிடுவார். வெளியாருக்கு அந்த ஊகம் கைகூடாது. முடிவு இன்னது என்று முதலில் தெரிந்தால்தான், ழகரத்தை எதற்காகப் பேசுகிறார்கள் என்பது அவருக்குப் பிடிபடும்.

அடுத்தது கலைச்சொல். எல்லாக் கலைச்சொற்களையும் களைவது தவறு. மதிப்பீட்டாளர்களில் ஒருவராவது கல்வெட்டறிஞராக இருக்கக்கூடும். ‘ஒலிப்புடை எழுத்து’ என்ற சொல்லே இல்லாவிட்டால், எழுதியவருக்குத் துறை தெரியுமா என்று அவர் ஐயுறுவார். அதனால் வாதம் எந்தச் சொல்லின் மேல் நிற்கிறதோ அதை வைத்துக்கொண்டு, அது இங்கே செய்யும் வேலையை அதே வாக்கியத்தில் சொல்லிவிடுவது நல்லது. மேலே ‘கங்கை’ வந்தது அதற்குத்தான். ஒலிப்புடைமைக்கு முழு இலக்கணம் அங்கே தேவையில்லை. பிராகிருதத்துக்கு அது வேண்டும், இங்கே அது இல்லை என்ற அளவு போதும். ‘தொல்லெழுத்தியல் கூறுகள்’ போல வாதத்தைத் தாங்காத சொற்களை நீக்கிவிடலாம்; அவற்றை யாரும் தேடப்போவதில்லை.

எளிமையாக்கும்போது நேரும் பெரிய கேடு, கூற்று தன்னையறியாமல் பெரிதாகிவிடுவது. ‘இக்கல்வெட்டுகளின் மொழி தமிழ்’ என்பது எழுத்துச் சான்று தாங்கக்கூடிய கூற்று. ‘தமிழர் எழுத்தறிவின் தொன்மை நிறுவப்படுகிறது’ என்று எழுதினால் கேட்க எடுப்பாக இருக்கும். ஆனால் அது காலத்தைப் பற்றிய கூற்று. ழகரம் இருப்பது மட்டும் அதற்குப் போதாது. துறைக்கு வெளியே உள்ளவர் இதைப் படித்து மகிழலாம், துறைக்குள் இருப்பவர் கட்டாயம் மறுப்பார். ‘காலத்தை இக்கட்டுரை தீர்மானிக்கவில்லை’ என்ற கடைசி வாக்கியம் அதற்கான காப்பு. இந்த எல்லை பெயருக்குச் சொன்னதும் அல்ல. இக்கல்வெட்டுகளின் உயிர்மெய் எழுதும் முறைகளை வகைப்படுத்திக் கால வரிசைக்குக் கொண்டுவரும் வேலை ஐராவதம் மகாதேவனின் கைக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அவருடைய பெருநூல் 2003இல்தான் வெளிவந்தது.

எழுதிய சுருக்கம் எட்டுமா என்று பார்க்க நம்பகமான வழி ஒன்று உண்டு. பக்கத்துத் துறைக்காரர் ஒருவரிடம் அதைக் கொடுத்து, படித்து முடித்ததும் தாளை வாங்கிக்கொண்டு, கட்டுரை என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியத்தில் கேட்க வேண்டும். ‘குகைக் கல்வெட்டுகளைப் பற்றியது’ என்று அவர் சொன்னால் பொருள் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது, பங்களிப்பு சேரவில்லை. ‘அவை தமிழாம், அதற்கான எழுத்துகள் இருக்கின்றனவாம்’ என்று சொன்னால் இரண்டும் சேர்ந்துவிட்டன. ‘புரிந்ததா?’ என்று கேட்பதில் பயன் இல்லை. நண்பர்கள் ஆம் என்றுதான் சொல்வார்கள்.

சொல் எல்லை இறுக்கினால் எதை விடுவது என்ற சிக்கல் எப்போதும் உண்டு. முன்னாய்வுகளின் பட்டியல் முதலில் போகலாம். கிருஷ்ண சாஸ்திரியின் பெயர் இல்லாமலும் ‘மொழி தெளிவாகவில்லை’ என்ற வாக்கியம் நிற்கும். சான்றுகளில் ஒன்றைக் குறைக்க நேர்ந்தால் ஒலிப்புடை எழுத்துகளைப் பற்றியதை விட்டு ழகரத்தை வைத்துக்கொள்ளலாம்: ஓர் எழுத்து இருப்பது எளிதில் விளங்கும், இல்லாமை எதைக் காட்டுகிறது என்பதற்கு விளக்கம் வேண்டும். தலைப்பிலும் கொஞ்சம் இடம் கிடைக்கும். ‘பாண்டிய நாட்டுக் குகைக் கல்வெட்டுகள்: ஓர் ஆய்வு’ என்பதை ‘பாண்டிய நாட்டுக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே’ என்று மாற்றினால், சொல் கூடாமலே சுருக்கத்தின் இரண்டாவது வாக்கியம் தலைப்புக்கு ஏறிவிடும்.