ஸ்னாப்ஷாட் வட்டுகளில் தாமத ஏற்றம்

தாமத ஏற்றம் என்பது, மேகக் கணிமையில் ஸ்னாப்ஷாட்டிலிருந்து உருவாக்கப்படும் மெய்நிகர் வட்டின் தரவு முழுவதையும் முன்கூட்டியே நகலெடுக்காமல், ஒவ்வொரு தொகுதியையும் அது முதன்முறை கோரப்படும்போது மட்டும் கொண்டுவரும் முறையாகும். ஆங்கிலத்தில் இது லேசி லோடிங் எனப்படுகிறது. மீட்கப்பட்ட வட்டு தொடக்கத்தில் மிக மெதுவாகப் படிக்கப்படுவதற்கு இதுவே காரணமாகும். 2008 இல் அறிமுகமான அமேசான் நிறுவனத்தின் இ.பி.எஸ் சேவையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

## இயங்கும் முறை

இ.பி.எஸ் வட்டுகளின் ஸ்னாப்ஷாட்டுகள் வட்டு இருக்கும் இடத்தில் அன்றி, எஸ்3 என்னும் பொருள் தேக்ககத்தில் வைக்கப்படுகின்றன. அவற்றில் தரவு 512 கிபி அளவுள்ள தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஸ்னாப்ஷாட்டிலிருந்து புதிய வட்டு ஒன்றைக் கோரினால், அது சிறிது நேரத்திலேயே பயன்பாட்டிற்குத் தயார் எனக் காட்டப்படும். உண்மையில் அப்போது வட்டில் பெரும்பாலான தரவு வந்து சேர்ந்திருக்காது. வழங்கி ஒரு தொகுதியைக் கேட்கும்போது, அது எஸ்3 இலிருந்து பிணையம் வழியே கொண்டுவரப்பட்டு, வட்டில் எழுதப்பட்ட பின்னரே வழங்கிக்குத் தரப்படுகிறது. அதே தொகுதி மறுமுறை கேட்கப்பட்டால் வட்டிலிருந்தே கிடைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் இத்தாமதம் ஒருமுறை மட்டுமே ஏற்படுகிறது.

வெற்று வட்டாக உருவாக்கப்படுபவற்றிற்கு இச்சிக்கல் இல்லை.

## எடுத்துக்காட்டு

100 ஜிபி அளவுள்ள, முழுவதும் நிரம்பிய தரவுத்தள வட்டு ஒன்று மீட்கப்பட்டதாகக் கொள்வோம். அதில் 2,04,800 தொகுதிகள் இருக்கும். ஒரு தொகுதியைக் கொண்டுவர 20 மில்லிநொடி ஆகும் என்பது கணக்கிற்காகக் கொள்ளப்பட்ட அளவு.

ஒரு வினவலுக்கு, வட்டில் சிதறிக் கிடக்கும் 2,000 பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேவை எனில், 40 நொடிகள் ஆகும். வழக்கமாகப் பக்கமொன்றிற்கு 1 மில்லிநொடி என்றால் அதே வினவல் 2 நொடிகளில் முடிந்திருக்கும். பழுதுக்குப் பின் மீட்கப்பட்ட தரவுத்தளம் இயங்கத் தொடங்கியும், பயனர்களின் கோரிக்கைகள் நேரம் கடந்து முறிவது இதனாலேயே. மீட்பு நேரத்தை வட்டு தயாராகும் நேரத்தை மட்டும் கொண்டு அளந்த திட்டங்கள் இங்கு பொய்த்துப் போகின்றன.

## கண்டறிதல்

இக்குறைபாடு உள்ளபோது வழங்கியின் செயலி பெரும்பாலும் வேலையின்றிக் காத்திருக்கும். `iostat -x` கட்டளை காட்டும் `r_await` மதிப்பு உயர்ந்திருக்கும். ஆயினும் வட்டின் வேக வரம்பு எட்டப்பட்டிருக்காது. உறுதிசெய்ய, வட்டில் இதுவரை தொடாத ஒரு பகுதியை இருமுறை படித்துப் பார்க்கலாம்.

```
sudo dd if=/dev/nvme1n1 of=/dev/null bs=1M \
  skip=50000 count=512 iflag=direct
```

இரண்டாம் முறை மட்டும் வேகமாக முடிந்தால் காரணம் தாமத ஏற்றமே. `iflag=direct` இல்லாவிடில் இரண்டாம் முறை தரவு வழங்கியின் நினைவகத்திலிருந்தே வந்து, சோதனை பயனற்றதாகிவிடும். `gp2` வகை வட்டுகளில் வேகச் சேமிப்பு தீர்ந்தாலும் மந்தம் ஏற்படும். எனினும் அது தொடக்கத்தில் அன்றி, சிறிது நேரம் வேகமாக இயங்கிய பின்னரே பெரும்பாலும் தோன்றும்.

## தீர்வுகள்

வட்டைப் பயன்பாட்டிற்கு விடுமுன் முழுவதையும் ஒருமுறை படித்துவிடுவது எளிய வழியாகும். `dd` கட்டளை வரிசையாக ஒவ்வொன்றாகக் கேட்பதால் மேற்கண்ட வட்டிற்கு ஏறத்தாழ 68 நிமிடங்கள் ஆகலாம். பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் `fio` இதற்கு ஏற்றது.

```
sudo fio --filename=/dev/nvme1n1 --rw=read --bs=1M \
  --iodepth=32 --ioengine=libaio --direct=1 --name=init
```

இங்கு வட்டின் வேக வரம்பு தடையாகும். `gp3` வகையின் அடிப்படை வேகம் நொடிக்கு 125 எம்பி என்பதால், ஏறத்தாழ 14 நிமிடங்களுக்குக் குறைவாக முடிக்க இயலாது. எஸ்3 இலிருந்து வரும் வேகம் குறைவாயின் மேலும் நீளும். `--rw=read` என்பதற்கு மாறாக `write` எனத் தட்டச்சிட்டால் மீட்ட தரவு அழிந்துவிடும் என்பதால் மிகுந்த கவனம் தேவை. அவசரமெனில் வட்டு முழுவதையும் விட்டு, முதலில் தேவைப்படும் அட்டவணைகளின் கோப்புகளை மட்டும் படித்துவிடலாம்.

அமேசானின் ஆர்.டி.எஸ் போன்ற நிருவகிக்கப்படும் தரவுத்தளங்களில் வட்டை நேரடியாக அணுக இயலாது. அங்கு முக்கிய அட்டவணைகளை வினவல்கள் வழியாகவே படிக்க வேண்டும். சுட்டுவரிசைகள் தனிக் கோப்புகளாக இருக்கும் தரவுத்தளங்களில், அட்டவணையை மட்டும் படித்தால் அவை ஏற்றப்படாமல் எஞ்சிவிடும். இது பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று.

2019 இல் அறிமுகமான விரைவு மீட்பு வசதியை ஒரு ஸ்னாப்ஷாட்டிற்கு இயக்கி வைத்தால், அதிலிருந்து உருவாகும் வட்டுகள் தொடக்கம் முதலே முழு வேகத்தில் இயங்கும். ஆனால் இது ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டிற்கும், ஒவ்வொரு கிடைப்பு வலயத்திற்கும் மணிக்கணக்கில் கட்டணம் உடையது. இயக்கிய பின் ஸ்னாப்ஷாட் தயாராவதற்கும் நேரம் பிடிக்கும் (ஒரு டிபிக்கு 60 நிமிடங்கள்). எனவே பழுது நேர்ந்த பின்னர் இதனை இயக்குவதால் உடனடிப் பயன் இல்லை.