தொட்டில் கட்டில் வாங்கப் போறீங்களா? கடைக்கு ஸ்கேல் எடுத்துட்டுப் போங்க

குழந்தை பிறக்கப் போகிறது என்றதும் வாங்க வேண்டியவை லிஸ்ட்டில் தொட்டில் கட்டிலும் வந்துவிடும். ஆன்லைனில் பார்த்தால் கலர், டிசைன், 'சூப்பர் சாஃப்ட்' என்ற விளம்பரம் எல்லாம் இருக்கும். ஆனால் குழந்தை அதில் பத்திரமாகத் தூங்குமா என்பதைச் சொல்பவை மூன்று: கம்பி இடைவெளி, மெத்தையின் கெட்டித்தன்மை, கொசுவலை நிற்கும் விதம்.

கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கலாம்?

சுமார் 6 செ.மீ. அமெரிக்க விதிப்படி இதுதான் உச்ச வரம்பு. தலை வெளியே போய்விடும் என்பதற்காக மட்டும் வைத்த அளவு இல்லை இது. இடைவெளி அதிகமானால் முதலில் கால், அப்புறம் இடுப்பு என்று உடம்பு வெளியே நழுவிவிடும். தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அந்த நிலையில் குழந்தை கழுத்தில் தொங்கும்.

கூல்டிரிங்க்ஸ் கேன் நுழையக் கூடாது என்று ஒரு டிப்ஸ் சுற்றுகிறது. ஒல்லியான கேன்களும் இப்போது வருவதால் அதை நம்ப வேண்டாம், ஸ்கேலில் அளந்துடுங்க. எல்லாக் கம்பியையும் அழுத்திப் பாருங்க. ஒன்று ஆடினாலும் இடைவெளி கூடிவிடும்.

அக்கா வீட்டுப் பழைய கட்டில் என்றால் இன்னும் இரண்டு விஷயம் பார்க்கணும். பக்கவாட்டுத் தடுப்பு மேலும் கீழும் இறங்கும் வகையை அமெரிக்கா 2011-லேயே தடை செய்துவிட்டது. கொக்கி தேய்ந்தால் தடுப்பு விலகி, அந்தச் சந்தில் குழந்தை சிக்கும் என்பதே காரணம். அடுத்தது பெயின்ட். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பல் முளைக்கும் குழந்தை கட்டில் விளிம்பைக் கடிக்கும். அதற்கு முந்தைய கட்டிலில் பெயின்ட் உரிந்திருந்தால் வேண்டாம்.

மெத்தை ஏன் கெட்டியாக இருக்கணும்?

குப்புற விழுந்த பச்சிளம் குழந்தையால் தலையைத் தூக்கித் திருப்ப முடியாது. மெத்தை மெத்தென்று இருந்தால் முகம் புதையும். வெளிவிட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரிடும். நமக்குச் சுகமான இலவம்பஞ்சு மெத்தை குழந்தைக்கு ஆகாது. கெட்டியான ஃபோம், தென்னை நார் மெத்தைகள் பரவாயில்லை. ஆனால் மேலே மெத்தென்ற அடுக்கு ஒட்டியிருந்தால், கீழே நார் இருந்தும் பயனில்லை.

வீட்டிலேயே சோதிக்க, ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்குச் சொல்லித்தரும் ஒரு வழி இருக்கு. 12 பழைய சிடிகளை அடுக்கி மெத்தையின் நடுவில் வையுங்க. அதன்மேல் பிரிக்காத 1 லிட்டர் பால் அட்டைப்பெட்டிகள் இரண்டை, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வையுங்க. கீழ்ப் பெட்டியின் ஒரு முனை சிடி விளிம்பைத் தாண்டி 4 செ.மீ. நீட்டிக்கொண்டு இருக்கணும். அந்த முனை மெத்தையில் பட்டால் மெத்தை ரொம்ப சாஃப்ட். பழைய மெத்தையில் குழி விழும் இடத்திலும் இதைச் செய்து பாருங்க.

அளவும் முக்கியம். கட்டிலின் உள்ளளவு 122 × 61 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆன்லைனில் வாங்கிய மெத்தை 117 × 58. அகலத்தில் 3 செ.மீ. சந்து, அதாவது இரண்டு விரல், அதுவே எல்லை. நீளத்திலோ மெத்தையை ஒரு ஓரமாகத் தள்ளினால் மறுபக்கம் 5 செ.மீ. சந்து. இந்த மெத்தையைத் திருப்பி அனுப்பிடுங்க. சந்தில் துணியைச் சுருட்டி அடைப்பது தீர்வல்ல, அதுவும் மூக்கை அடைக்கும்.

மேலே என்ன விரிக்கலாம்?

இறுக்கமாகப் பொருந்தும் ஒரு பருத்தி விரிப்பு போதும். தலை உருண்டையாக வரணும் என்று பாட்டி கொடுக்கும் கடுகுத் தலையணை, கம்பியைச் சுற்றிக் கட்டும் பஞ்சு மெத்தை, பொம்மை எதுவும் தூங்கும்போது வேண்டாம். குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்க. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எளிதில் குப்புறப் புரண்டுவிடும்.

கொசுவலை எப்படி இருக்கணும்?

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். அதனால் மதியத் தூக்கத்துக்கும் வலை தேவை. சதுர அங்குலத்துக்கு 156 ஓட்டைகள் கொண்ட வலை என்பது பொதுவான அளவு. அதைவிட நெருக்கமானால் கொசுவோடு காற்றும் குறையும்.

கட்டிலுக்கு வெளியே, நாலா பக்கமும் இழுத்துக் கட்டியதாக வலை இருக்கணும். தொளதொளவென்று தொங்கினால் குழந்தை பிடித்து இழுத்து முகத்தில் சுற்றிக்கொள்ளும். வலையில் ஒட்டிக் கிடக்கும் கையையும் கொசு வெளியிலிருந்தே கடிக்கும்.

குடை மாதிரி மடக்கும் வலைப் படுக்கையில் வரும் தலையணையை எடுத்துவிட்டு, அதன் மெத்தையையும் மேலே சொன்ன சோதனைக்கு உட்படுத்துங்க. குழந்தை புரளவோ, வலையைத் தள்ளவோ ஆரம்பித்த அன்றே அதை நிறுத்திடுங்க. உட்காரத் தொடங்கியதும் கட்டிலின் மெத்தைத் தளத்தைக் கீழே இறக்கணும். இல்லையென்றால் அடுத்த மாதம் எழுந்து நிற்கும்போது தடுப்பைத் தாண்டி விழும்.