பகல் பன்னிரண்டரை

மாலை மூன்றேகால் இருக்கும். தம்பி மகள் மதுரையிலிருந்து போன் செய்தாள். எடுத்ததும் ஹலோகூடச் சொல்லவில்லை. “பெரியப்பா, பி.எம்.னா ராத்திரிதானே?”

“ஆமாம்மா” என்றேன். வாயிலிருந்து வார்த்தை போன பிறகுதான் ஏதோ உறுத்தியது. “எத்தனை மணிக்கு பி.எம்.?”

“பன்னிரண்டரை.”

அதற்குமேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்கே விஷயம் புரிந்திருந்தது. யாராவது இல்லை என்று சொல்லமாட்டார்களா என்றுதான் கேட்டிருக்கிறாள்.

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க அவள் எழுத வேண்டியிருந்த தேர்வு அது. இப்போது இப்படிப்பட்ட தேர்வுகள் சிலவற்றை மையத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்தே எழுதலாம். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, மேஜை மேல் எதுவும் கிடக்கக் கூடாது, மடிக்கணினியின் கேமரா வழியே எங்கிருந்தோ ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். உலகம் முழுவதும் உள்ளவர்களுக்கான ஏற்பாடு என்பதால் நடுராத்திரியிலும் தேர்வு நடக்கும். கட்டணம் இருபதாயிரத்துக்கு மேல். குறித்த நேரத்தில் உள்ளே வராவிட்டால் பணம் போனது போனதுதான்.

அவள் ராத்திரி நேரத்தை வேண்டுமென்றே தேடியிருக்கிறாள். பகலில் அவர்கள் தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கியும் பக்கத்து வீட்டுக் கட்டட வேலையும் ஓயாது. பதினாலாம் தேதிக்கு மூன்று நேரங்கள் காலியாக இருந்தன. பணம் கட்டச் சொல்லி அவள் அப்பாவுக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பிறகு நானும் பார்த்தேன்.

```
9:00 AM
12:30 PM
7:15 PM
```

நடுவில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தாள். அவள் கணக்கு எளிது. ஏ.எம். என்றால் காலை, பி.எம். என்றால் ராத்திரி. ஆகவே பன்னிரண்டரை பி.எம். என்றால் ராத்திரி பன்னிரண்டரை. பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித்தந்ததும் இதுதான். ஏழிலிருந்து பதினொன்று வரை இந்தக் கணக்கு ஒருநாளும் காலை வாராது. பன்னிரண்டில் தலைகீழாகப் புரட்டிப்போட்டுவிடும். திரையில் `PM` என்று இருந்ததற்கு அவள் மனதில் எழுந்த நேரம், முறைப்படி `AM` என்று எழுதப்பட வேண்டிய நேரம்.

பதினாலாம் தேதி காலையில் கொஞ்சம் படித்திருக்கிறாள். ராத்திரி கண்விழிக்க வேண்டுமே என்று பதினொன்றரைக்கே சாப்பிட்டு, போனைச் சைலன்ட்டில் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள். அவள் அம்மா கதவில், தொந்தரவு செய்யாதீர்கள் என்று ஒரு தாள் ஒட்டி வைத்திருந்தார். தேர்வு நேரம் வந்து போனபோது பெண் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு எழுந்து பார்த்தால் மெயில் வந்து கிடக்கிறது. நீங்கள் வருகை பதியவில்லை, உங்கள் தேர்வு ரத்தாகிவிட்டது. அனுப்பிய நேரம் 12:48.

இதில் என் பங்கும் உண்டு. முப்பது வருடம் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவன் நான். ஒரு வாரம் முன்பு அவள் தேர்வைப் பற்றிச் சொன்னபோது, “எந்த ராத்திரி?” என்று பழக்கதோஷத்தில் கேட்டேன். “பதினாலாம் தேதி ராத்திரி பன்னிரண்டரை” என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். அப்படி ஒரு நேரமே கிடையாது. பதினாலாம் தேதி ராத்திரி பன்னிரண்டு மணி அடித்ததும் பதினைந்தாம் தேதி பிறந்துவிடுகிறது. அதாவது அவள் நினைத்திருந்த நேரம் சீட்டில் 15 என்று இருக்க வேண்டும். 14 என்று இருந்தால் ஒன்று, முந்தின நாள் ராத்திரி. இல்லையென்றால் அது பகல். தேதியையும் மணியையும் சேர்த்து ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எனக்குப் பிடிபட்டிருக்கும்.

எங்கள் பக்கத்தில் இது தினசரிச் சமாசாரம். பதினைந்தாம் தேதி 00:10-க்கு வண்டி என்று டிக்கெட்டில் அச்சாகியிருக்கும். அதற்குப் பதினாலாம் தேதி சாப்பாடு முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பெட்டி படுக்கையோடு ஒரு குடும்பம் பதினைந்தாம் தேதி ராத்திரி பத்து மணிக்கு வந்து நிற்கும். வண்டி நேற்றே போய்விட்டது என்று அவர்களிடம் சொல்வதுதான் அந்த வேலையிலேயே பிடிக்காத காரியம். பேச்சு வழக்கில் நமக்கு நாள் விடியும்போதுதான் மாறுகிறது. ராத்திரி ஒரு மணிக்குப் பெய்த மழையை, நேற்று ராத்திரி பெய்த மழை என்றுதானே சொல்கிறோம்? கடிகாரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் ரயில்வே இருபத்துநாலு மணிக் கணக்கில் எழுதுவதால் ஒரு குழப்பம் மட்டும் எங்களிடம் வராது. 12:30 என்றால் பகல்தான், 00:30 என்றால் ராத்திரிதான். தேதி தவறி வந்தவர்கள் ஏராளம். பகலையும் ராத்திரியையும் மாற்றி வந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

சரி, பகல் பன்னிரண்டரை ஏன் பி.எம். ஆகிறது? இரண்டும் லத்தீன் சொற்களின் சுருக்கம். ஆன்டே மெரிடியெம், போஸ்ட் மெரிடியெம். மெரிடியெம் என்பது நடுப்பகல், சூரியன் உச்சியைத் தொடும் வேளை. முன்னது உச்சிக்கு முன், பின்னது உச்சிக்குப் பின். நம் அரசு அறிவிப்புகளில் மு.ப., பி.ப. என்று போடுகிறார்களே, முற்பகல், பிற்பகல், அதேதான். ராத்திரி என்ற அர்த்தம் அந்தச் சொல்லில் எங்குமே இல்லை. உச்சிப்பொழுது கழிந்து அரை மணி ஆகியிருக்கிறது, ஆகவே பிற்பகல் பன்னிரண்டரை. தமிழில் சொல்லிப் பார்த்திருந்தால் அவளுக்கு உடனே விளங்கியிருக்கும். பிற்பகல் பன்னிரண்டரை என்று கேட்டு யாரும் நடுராத்திரியை நினைக்கமாட்டார்கள்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம் அந்த எண். கடிகாரத்தில் 12 என்று எழுதியிருந்தாலும் அது செய்வது பூஜ்யத்தின் வேலை. பிற்பகல் என்பது 12-இல் தொடங்கி 1, 2 என்று போய் 11-இல் முடிகிறது. பெரிய எண் முதலில், சின்ன எண் பிறகு. மனம் இதை ஏற்பதில்லை. பதினொரு மணி பி.எம். ராத்திரி என்றால் அடுத்து வரும் பன்னிரண்டும் அதே பி.எம். ராத்திரியாகத்தான் இருக்க வேண்டும் என்று வரிசைப்படி போய்விடுகிறது.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் மயக்கம் இல்லை. உச்சிப்பொழுது சரியாகப் பன்னிரண்டு என்பது உச்சிக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதற்கு ஏதோ ஒரு பெயர் வைத்தாக வேண்டும் என்பதால் வைத்த வழக்கம்தான் `12:00 PM`. அமெரிக்க அரசு அச்சகத்தின் நடைக் கையேடு 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் நள்ளிரவைத்தான் 12 பி.எம். என்றது. 2008 பதிப்பில் அப்படியே மாற்றி, நண்பகல்தான் 12 பி.எம். என்றார்கள். ஜப்பானில் 1872-ஆம் ஆண்டு அரசாணைப்படி நண்பகல் என்பது முற்பகல் பன்னிரண்டு. அங்கே பகல் பன்னிரண்டரையைப் பிற்பகல் பூஜ்யம் மணி முப்பது நிமிடம் என்று சொல்லும் வழக்கமும் இருக்கிறது. கேட்க வேடிக்கையாக இருந்தாலும், எனக்கென்னவோ அதுதான் நியாயமான கணக்காகப் படுகிறது.

அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட், பன்னிரண்டுக்கு ஏ.எம்., பி.எம். போடாமல் நண்பகல், நள்ளிரவு என்று எழுதும்படியே சொல்கிறது. பல்கலைக்கழக விண்ணப்பங்களுக்குக் கடைசி நேரம் `11:59 PM` என்று விநோதமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நிமிடத்தைத் தியாகம் செய்து இந்தச் சண்டையிலிருந்து தப்பிக்கிற வழி அது.

மையத்துக்குப் போய் எழுதும் தேர்வில் இந்தத் தவறு நேர்வது அபூர்வம். நீட் தேர்வு `02:00 PM` என்று இருந்தால், ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்திருக்கமாட்டார்கள் என்று நமக்கே தெரியும். எழுத்தை ஒழுங்காகப் படிக்காவிட்டாலும் பொது அறிவு கைகொடுத்துவிடும். எந்த நேரமும் நடக்கக்கூடிய தேர்வு என்று வந்ததும் அந்தத் துணை போய்விட்டது. அந்த ஸ்கிரீன்ஷாட்டை மறுபடி பாருங்கள். ஒன்பது ஏ.எம்.முக்கும் ஏழேகால் பி.எம்.முக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது பன்னிரண்டரை. அது ராத்திரியாக இருந்தால் பட்டியலின் தலையில் அல்லவா இருக்க வேண்டும்? அன்று பணம் கட்டிய அவள் அப்பா உட்பட யார் கண்ணிலும் அது படவில்லை.

மையத் தேர்வு எழுதுகிறவர்களை இந்த இரண்டெழுத்து பிடிப்பது வேறு இடத்தில், அலாரத்தில். ராத்திரி பத்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஐந்து என்று வைக்கிறோம். `AM` இருக்க வேண்டிய இடத்தில் `PM` இருந்துவிடுகிறது. பல ஆன்ட்ராய்டு போன்கள் அலாரம் வைத்ததும் இன்னும் எத்தனை மணி நேரத்தில் அடிக்கும் என்று கீழே ஒரு வரி காட்டும். ஏழு மணி நேரம் என்றால் சரி. பத்தொன்பது மணி நேரம் என்று இருந்தால் அது மறுநாள் சாயங்காலம் அடிக்கப்போகிற அலாரம். இரண்டு நொடியில் மறைந்துவிடும் அந்த வரியை நம்மில் பலர் படிப்பதே இல்லை.

தம்பி மகள் தேர்வு நிறுவனத்துக்கு எழுதிப் பார்த்தாள். மரியாதையான பதில் வந்தது, பணம் வரவில்லை. அவள் தப்பு செய்தாள் என்பது உண்மைதான். ஆனாலும் நண்பகல் என்று பக்கத்தில் ஒரு வார்த்தை சேர்க்க அவர்களுக்கு என்ன செலவாகிவிடும் என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. அன்று தவறிய தேர்வால் முதலில் குறித்து வைத்திருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் கெடுவும் தவறியது. மற்ற இரண்டுக்கு நேரமிருந்தது. மறுபடி பணம் கட்டினாள். இந்த முறை உறுதி மெயிலில் இருந்த பொத்தானைத் தட்டி, நேரத்தை நேராகப் போன் காலண்டரிலேயே ஏற்றிவிட்டாள். அது பகல் கட்டத்தில் போய் உட்கார்ந்ததா, ராத்திரிக் கட்டத்திலா என்று கண்ணாலேயே பார்க்கலாம். காலண்டரின் படத்தை எனக்கும் அனுப்பினாள். காலை ஒன்பது. காய்கறி வண்டி வந்தால் வரட்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

வீட்டில் எல்லார் போனையும் இருபத்துநாலு மணிக் கணக்குக்கு மாற்றிவிட்டாளாம். அவள் அம்மா போன வாரம் கூப்பிட்டிருந்தார். “உங்க ரயில்வே டைமை எங்க வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டா. பதினேழு நாப்பதுங்குது போனு. சீரியல் ஆரம்பிச்சுருச்சா இல்லையான்னு பன்னெண்டைக் கழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.”