சிவப்பணுவின் அளவும் சோகையின் காரணமும்

ரத்தப் பரிசோதனையில் எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரிப் பருமன். பெரியவர்களுக்கு 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை இயல்பு. சோகை உள்ளவருக்கு இது 100-ஐத் தாண்டினால் வைட்டமின் பி12, ஃபோலேட் குறைவு, மதுப்பழக்கம் போன்றவற்றையும், இயல்பாக இருந்தால் அண்மை ரத்தப்போக்கு, சிறுநீரக நோய் போன்றவற்றையும் மருத்துவர் தேடுவார்.

80-க்குக் குறைந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. சிலருக்குப் பரம்பரையான தலசீமியா. உதாரணமாக, ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 11, எம்.சி.வி. 64, சிவப்பணுக்கள் 56 லட்சம். இரும்பு குறைந்தால் அணுக்களின் எண்ணிக்கையும் பொதுவாகக் குறையும், இங்கே குறையவில்லை. 64-ஐ 5.6-ஆல் வகுத்தால் சுமார் 11.4. இது 13-க்குக் கீழே என்பதால் தலசீமியா மரபுக்கூறு இருக்கலாம். இது அனுமானமே, ஃபெரிட்டின் அளவும் ஹீமோகுளோபின் பகுப்பாய்வும்தான் உறுதிசெய்யும்.

இரும்பு, பி12 இரண்டும் குறைந்தால் சிறிய, பெரிய அணுக்கள் கலந்து சராசரி இயல்பாகத் தோன்றும். அப்போது அளவு வேறுபாட்டைக் காட்டும் ஆர்.டி.டபிள்யூ. உயர்ந்திருக்கும்.