தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்?

“நாளை டேங்க் கிளீனிங். காலை 9 முதல் 12 வரை தண்ணீர் வராது.” சென்னையில் எங்கள் குடியிருப்பு சங்கத்துக்கு நான் செயலாளராக இருந்தபோது, லிஃப்ட் பக்கத்தில் இப்படித்தான் எழுதி ஒட்டினேன். 12 மணிக்கு வேலையாட்கள் மேலிருந்து இறங்கிவிட்டார்கள். தண்ணீர் வந்ததோ இரண்டரை மணிக்கு. இரண்டாவது மாடியில் ஒரு வீட்டில் 12 மணிக்குக் குழாயைத் திறந்து பார்த்திருக்கிறார்கள், வரவில்லை. மூடாமலே வெளியே கிளம்பிவிட்டார்கள். சிங்க்கில் பாத்திரம் குவிந்திருந்தது. மாலை வந்து கதவைத் திறந்தால் ஹால் வரை தண்ணீர்.

தவறு என்னுடையதுதான். தொட்டி கழுவி முடிக்கிற நேரத்தை எழுதினேன். வீட்டில் இருப்பவருக்கு வேண்டியது குழாயில் தெளிந்த தண்ணீர் வரும் நேரம்.

அதைக் கணக்கிடலாம். எங்களுடையது 24 வீடுகள். மேல்தொட்டி 12,000 லிட்டர். 9 மணிக்கு ஆரம்பித்து, அடி வண்டலை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவ 12 ஆகிவிடும். பிளீச்சிங் பவுடர் கரைசலைச் சுவரில் பூசி அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். பிறகு அலசி, அந்தத் தண்ணீரை வெளியேற்ற இன்னொரு அரை மணி. மோட்டார் போடும்போதே மணி ஒன்று. எங்கள் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 100 லிட்டர் ஏற்றும். பாதித் தொட்டி நிரம்ப ஒரு மணி நேரம். அப்புறம் வால்வைத் திறந்து, குழாய்க்குள் இருக்கும் காற்றும் கலங்கலும் போக அரை மணி. ஆக இரண்டரை. அறிவிப்பில் 3 மணி என்று போடுவதுதான் சரி.

இன்னொன்றையும் அப்போதுதான் கற்றோம். மேல்தொட்டியை மட்டும் கழுவிவிட்டு, கலங்கிய சம்ப் தண்ணீரையே மேலே ஏற்றினால் செய்த வேலை வீண். சம்ப்பை முதல் நாள் கழுவ வேண்டும். ஆளுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்கில், வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 24 வீட்டுக்கு ஒரு நாள் தேவை சுமார் 13,000 லிட்டர். காலையில் மேல்தொட்டி நிரம்பியிருந்தால் சம்ப் வேலை முடியும்வரை யாருக்கும் தட்டுப்பாடு தெரியாது. மாலைக்குள் சம்ப் நிரம்ப லாரிக்குச் சொல்லி வைத்துவிட வேண்டும். மேல்தொட்டிக்கு மறுநாள்.

தேதி குறிக்கும் முன் மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை இருக்கும். இரண்டும் ஒரே நாளில் வந்தால் ஒரு மணிக்குப் போட வேண்டிய மோட்டாரை 2 மணிக்குப் பிறகுதான் போட முடியும். தண்ணீர் வர நாலு மணியாகும்.

அடுத்த முறை மூன்று நாள் முன்னதாக ஒட்டியது இது:

“சனிக்கிழமை மேல்தொட்டி சுத்தம். காலை 9 முதல் பிற்பகல் 3 வரை தண்ணீர் வராது. சமையலுக்கு ஒரு குடம், கழிவறைக்கு இரண்டு பக்கெட் 8 மணிக்குள் பிடித்துக்கொள்ளவும். 9 மணிக்கு எல்லாக் குழாய்களையும் மூடவும். வெளியே போகிறவர்கள் இன்னொரு முறை பார்க்கவும். கீசரை அணைக்கவும். வாட்டர் பியூரிஃபையர், வாஷிங் மெஷினுக்குப் போகும் வால்வை மூடவும். தண்ணீர் வந்ததும் முதலில் குளியலறைக் குழாயைத் திறந்து, கலங்கலும் பிளீச்சிங் வாடையும் போகும்வரை விடவும். பிறகு மற்ற வால்வுகளைத் திறக்கவும்.”

கடைசி இரண்டு வரிகளை விடவே கூடாது. தொட்டியும் குழாயும் காலியாகி மறுபடி நிரம்பும்போது குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த துருவும் மணலும் பெயர்ந்து வரும். அது நேராக பியூரிஃபையருக்குள் போனால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். தெளிந்த பிறகும் ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் நூலாக வந்தால், அதன் நுனியில் உள்ள வலையைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். மணல் அதில்தான் நிற்கும். வீட்டுக்குக் கலங்கல் குறைவாக வர, தேய்க்கத் தொடங்கும் முன்பே வீடுகளுக்குப் போகும் வால்வை மூடி, அழுக்குத் தண்ணீரை அடி வால்வு வழியாக மட்டும் வெளியேற்றச் சொல்ல வேண்டும். முந்தின இரவே மோட்டாரை நிறுத்திவிட்டால் தொட்டித் தண்ணீர் புழக்கத்திலேயே தீர்ந்துவிடும். கொட்டி வீணாக்க வேண்டியதில்லை.

சம்ப் நாளுக்குத் தனி அறிவிப்பு வேண்டும். மூடி திறந்திருக்கும் நேரத்தை அதில் பெரிதாக எழுதி, குழந்தைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆள் இறங்குவதற்கு வெகு நேரம் முன்பே மூடியைத் திறந்து காற்றோட்டம் தர வேண்டும். மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பெட்ரோல், டீசல் பம்பை உள்ளே இறக்கவே கூடாது, அதன் புகை உயிரைப் பறிக்கும். உள்ளே ஒருவர் இருக்கும்வரை மேலே ஒருவர் நகராமல் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் அவரும் குதித்துவிடக் கூடாது. 112-ஐ அழைக்க வேண்டும். எங்கள் வாட்ச்மேன் அண்ணன் அன்று வேலை முடியும்வரை சம்ப் வாயிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டை நாங்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம்.