ஓப்பன் பாக்ஸா, பாரிஸ் அத்தையா? பழைய போன் வாங்குறதுக்கு முன்னாடி

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

முத்தியால்பேட்டையில இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவர் முன்னாடி ரெண்டு ஐபோன் இருக்கு. ஒண்ணு, நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில "ஓப்பன் பாக்ஸ், ஏ பிளஸ் கிரேடு"ன்னு காட்டினது. இன்னொண்ணு, லீவுக்கு வர்ற பாரிஸ் அத்தை வாங்கிட்டு வர்றேன்னு சொன்ன "ரெகோந்திசியோனே", அதாவது ரீஃபர்பிஷ்ட் போன். விலை ஏறக்குறைய ஒண்ணுதான். எதை வாங்குறது?

பாண்டியில இது நிறைய வீட்டுல வர்ற கேள்விதான். அத்தை போன்ல இருந்தே ஆரம்பிப்போம்.

பிரான்ஸ்ல அந்த வார்த்தைக்கே சட்டம் இருக்கு. 2022 பிப்ரவரியில வந்த அரசாணைப்படி, போனைச் சோதிச்சு, தேவைப்பட்டா சரி பண்ணி, பழைய ஆளோட டேட்டாவை அழிச்ச பிறகுதான் அந்தப் பேர்ல விக்கலாம். "புதுசு மாதிரி"ன்னு விளம்பரம் பண்ணக் கூடாது. வித்தவர் மேல ரெண்டு வருஷம் சட்டப் பொறுப்பு உண்டு. ஆன்லைன்ல வாங்கினா 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம திருப்பிக் கொடுக்கலாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த உரிமை எல்லாம் அத்தைக்கும் அந்தக் கடைக்கும் நடுவுலதான். ஸ்க்ரீன் இங்க போச்சுன்னா, போன் திரும்ப அங்க போகணும். அதனால அத்தை ஊருக்குக் கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே வாங்கி, அவங்களே பயன்படுத்திப் பார்க்கட்டும். 14 நாள் அங்கேயே ஓடட்டும்.

இப்போ நம்ம கடைக்கு வருவோம். இந்தியாவுல "ஏ பிளஸ்", "சூப்பர்ப்", "குட்" எதுக்கும் சட்ட விளக்கம் கிடையாது. ஒவ்வொரு கடையும் தானே வச்சுக்கிற பேர் அது. பெரும்பாலும் அது வெளித்தோற்றத்துக்கான மார்க். அமேசான் ரினியூட்டோட அமெரிக்கப் பக்கத்துல, உயர்ந்த கிரேடுன்னா 12 இஞ்ச் தூரத்துல வச்சுப் பார்த்தா கீறல் தெரியக் கூடாதுன்னு எழுதியிருப்பாங்க. பேட்டரிக்குத் தனியா 80 சதவீதம்னு ஒரு கணக்கு. நம்ம கடையில இந்த ரெண்டாவது வரிதான் காணாமப் போகும். கேட்டாத்தான் சொல்லுவாங்க.

"ஓப்பன் பாக்ஸ்" வேற விஷயம். யாரோ வாங்கி, பிரிச்சு, திருப்பிக் கொடுத்தது. இல்லன்னா ஷோரூம்ல டெமோவுக்கு வச்சது. இதுல மாட்டிக்கிற இடம் வாரன்டி தேதி. கம்பெனியோட ஒரு வருஷ வாரன்டி நீங்க வாங்கின நாள்ல இருந்து ஓடாது. முதல் ஆள் ஜனவரி 10ல வாங்கி ஆக்டிவேட் பண்ணியிருந்தா, நீங்க மே 10ல வாங்கும்போது எட்டு மாசம்தான் மிச்சம். சீரியல் நம்பரை checkcoverage.apple.com-ல போட்டா மிச்சம் எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். கடைக்காரர் "ஒரு வருஷம் இருக்கு"ன்னு சொன்னா, அது கம்பெனி வாரன்டியா, கடை வாரன்டியான்னு கேளுங்க. கடை வாரன்டின்னா, கடை மூடின அன்னைக்கு அதுவும் மூடிடும்.

கையில எடுத்ததும் Settings > General > About போங்க. Model Number, M-ல ஆரம்பிச்சா புதுசா வித்த போன். F-ன்னா ஆப்பிளே ரீஃபர்பிஷ் பண்ணது. N-ன்னா சர்வீஸ்ல மாத்திக் கொடுத்தது. ஆனா வெளிக்கடையில பிரிச்சு சரி பண்ண போனும் M-ன்னுதான் காட்டும். அதனால அதே பக்கத்துல Parts and Service History இருக்கான்னும் பாருங்க. பேட்டரியோ ஸ்க்ரீனோ Unknown Part-ன்னு வந்தா, ஏ பிளஸ் விலையை அங்கேயே குறைக்கச் சொல்லலாம். திருட்டு போனான்னு தெரிஞ்சுக்க *#06# அடிச்சா ஐஎம்இஐ வரும். அதை வச்சு `KYM <15 இலக்க எண்>` அப்படின்னு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. பிளாக் ஆனதா, டூப்ளிகேட்டான்னு பதில் வரும். காசு கொடுக்குறதுக்கு முன்னாடி அனுப்புங்க, பிற்பாடு இல்ல.

திருப்பிக் கொடுக்குற உரிமையைப் பத்தி நம்ம ஆளுங்ககிட்ட ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு. "மனசு மாறிடுச்சு"ன்னு திருப்பிக் கொடுக்க இந்தியாவுல பொதுவா சட்ட உரிமை இல்ல. அது கடையோட பாலிசி. ஆனா பொருள் பழுதுன்னா கதை வேற. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லுல போட்ட காலத்துக்குள்ள, எதுவும் போடலன்னா 30 நாளுக்குள்ள, பழுதான பொருளைத் திருப்பி எடுத்துப் பணம் தர மறுக்கிறது நேர்மையற்ற வணிகம். பழசைப் புதுசுன்னு சொல்லி விக்கிறதும் அதுலதான் வருது. ஆன்லைன்ல வாங்கினா, 2020 விதிகள்படி விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாத பொருளையும் விற்பனையாளர் திருப்பி எடுத்தாகணும்.

இதெல்லாம் பில் இருந்தாத்தான் நிக்கும். காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல பில் கிடைக்காது, அங்க ரிஸ்க் முழுக்க உங்களோடது. தம்பி போற கடையில பில்லுல நாலு விஷயம் எழுதி வாங்கணும்: ஐஎம்இஐ, "ஓப்பன் பாக்ஸ்"ங்கிற வார்த்தை, பேட்டரி சதவீதம், யார் வாரன்டி எத்தனை மாசம். பேட்டரி 92ன்னு எழுதி, வீட்டுல 79 காட்டினா, அந்தக் காகிதமே ஆதாரம். முதல்ல 1915க்கு போன் பண்ணி புகார் கொடுங்க. சரி ஆகலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷம் டைம் இருக்கு, வக்கீல் கட்டாயம் இல்ல. நீங்க வசிக்கிற ஊர்லயே போடலாம், அதனால பெங்களூர் ஆன்லைன் கடைன்னாலும் பாண்டியிலேயே வழக்கு போடலாம்.

கடைக்காரர் அந்த நாலு வரியையும் எழுதித் தந்தா, தம்பி, என் ஓட்டு நேரு வீதிக்கு. மழுப்பினா அத்தைக்கு இன்னைக்கே போன் போட்டுடு, அவங்க டிக்கெட் தேதியைக் கேளு.