முதிர்வு நாளுக்கு முன்பே ஓரங்கட்டப்படும் லாபம்

1993-ஆம் ஆண்டு, நர்மதை ஆற்றின் குறுக்கே அணை கட்டப் பணம் தேவைப்பட்ட சர்தார் சரோவர் நர்மதா நிகம் என்ற குஜராத் அரசு நிறுவனம் பொதுமக்களிடம் ஒரு கடன்பத்திரத்தை விற்றது. இன்று 3,600 ரூபாய் கொடுத்தால் 20 ஆண்டுகள் கழித்து, 2014 ஜனவரியில், 1,11,000 ரூபாய் கிடைக்கும். இடையில் வட்டி என்று ஒரு பைசா கிடையாது. பிள்ளையின் படிப்புக்கும் பெண்ணின் கல்யாணத்துக்கும் என்று கணக்குப் போட்டு வாங்கிவைக்க ஏற்ற பத்திரம் அது.

பணம் ஆண்டுக்குச் சுமார் 18.7 சதவீதக் கூட்டு வட்டியில் வளர்ந்தால்தான் 3,600 ரூபாய் அந்தத் தொகையை எட்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அது விசித்திரமாகத் தெரியவில்லை. பதினைந்து ஆண்டுகளில் நாட்டின் வட்டி விகிதங்கள் வெகுவாக இறங்கிவிட்டன. பத்திரத்தின் ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. 2008-இல் குஜராத் சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றி, பத்திரங்களை முன்கூட்டியே மீட்கும் அதிகாரத்தை நிறுவனத்துக்கு வழங்கியது. 2009 ஜனவரியில் ஒவ்வொரு பத்திரத்துக்கும் 50,000 ரூபாய் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். மீதம் ஐந்து ஆண்டுகள் காத்திருந்து 1,11,000 வாங்கும் வாய்ப்பு முதலீட்டாளர் கையை விட்டுப் போனது.

வட்டியை ஆண்டுதோறும் தராமல் முதிர்வு நாளுக்குத் தள்ளிவைத்தால் அந்த ஒரு நாளின் சுமை எவ்வளவு பெருக்கும் என்பதற்கு இது ஓர் அதீத உதாரணம். தனியார் நிறுவனங்கள் இதையே மிதமான அளவில் செய்கின்றன. நூறு ரூபாய்ப் பத்திரத்தை நூறு ரூபாய்க்கே விற்றுவிட்டு, திருப்பும்போது நூற்றுப்பத்தாகத் தருவதாக எழுதிக்கொடுக்கின்றன. அந்த உபரிப் பத்து ரூபாய்தான் மீட்புப் பிரீமியம். பார்க்கப் பரிசு மாதிரி இருக்கும். உண்மையில் அது தள்ளிவைத்த வட்டி.

கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத ஒரு கற்பனை நிறுவனம் 2021 அக்டோபர் 1 அன்று 10 கோடி ரூபாய்க்குக் கடன்பத்திரம் வெளியிடுகிறது. ஆண்டு வட்டி 8 சதவீதம். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2026 செப்டம்பர் 30 அன்று, 10 சதவீதப் பிரீமியத்தோடு திருப்பித் தர வேண்டும். ஆண்டுக்கு 80 லட்சம் வட்டி போய்க்கொண்டிருக்கும். கடைசி நாளில் 11 கோடி தேவைப்படும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், நிறுவனத்துக்கு இந்தக் கடனின் உண்மையான விலை ஆண்டுக்குச் சுமார் 9.65 சதவீதம். பத்திரத்தின் முகப்பில் 8 என்று அச்சிட்டிருப்பதால் சுமை 8 ஆகிவிடாது.

அந்த ஒரு கோடிப் பிரீமியத்தைக் கணக்கெழுதுபவர் கடைசி நாள்வரை மறந்திருக்க முடியாது. பத்திரம் வெளியான அன்றே அது பொறுப்புப் பக்கத்தில் ஏறிவிடுகிறது. எதிரே அதே ஒரு கோடி, ‘கடன்பத்திர வெளியீட்டு நட்டம்’ என்ற பெயரில் எழுதப்பட்டு, பத்திரத்தின் ஆயுட்காலத்தில் சிறிது சிறிதாகக் கழிக்கப்படும். நம் நிறுவனத்துக்கு முழு ஆண்டுக் கணக்கில் 20 லட்சம். பழைய கணக்கியல் தரங்களைப் பின்பற்றும் நிறுவனத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. பங்குகளை முகமதிப்புக்கு மேல் விற்றுச் சேர்த்த பங்குப் பிரீமியத் தொகை கையிருப்பில் இருந்தால், நிறுவனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இந்த நட்டத்தை அதிலிருந்து சரிக்கட்ட அனுமதிக்கிறது. லாபக் கணக்கில் கீறல்கூட விழாது. புதிய இந்தியக் கணக்கியல் தரங்களின் கீழ் வரும் பெரிய நிறுவனங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவை பிரீமியத்தையும் சேர்த்த முழு வட்டி விகிதத்தை, நம் உதாரணத்தில் அந்த 9.65 சதவீதத்தை, ஆண்டுதோறும் செலவாகக் காட்டியாக வேண்டும். முதலீட்டாளரின் பார்வையில் இதுதான் நேர்மையான முறை.

இப்படிப் பரப்பி எழுதும் தர்க்கத்துக்குச் சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கு உதவியது. இன்று தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் என்று அறியப்படும் அமைப்பு, மெட்ராஸ் தொழில் முதலீட்டுக் கழகமாக இருந்தபோது, 1966 டிசம்பரில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குக் கடன்பத்திரங்களை நூற்றுக்கு 98 வீதம் தள்ளுபடியில் விற்றது. தள்ளுபடி மொத்தம் 3 லட்சம். திருப்ப வேண்டியது 12 ஆண்டுகள் கழித்து. முதல் ஆறு மாதங்களுக்கு 12,500 ரூபாயைச் செலவாக எழுதிய கழகம், பிறகு 3 லட்சத்தையும் ஒரே ஆண்டின் செலவாக வரிக் கணக்கில் ஏற்கக் கோரியது. 1997-இல் உச்ச நீதிமன்றம், அது செலவுதான், ஆனால் அதன் பயன் 12 ஆண்டுகளுக்கும் கிடைப்பதால் அத்தனை ஆண்டுகளுக்கும் பிரித்தே எழுத வேண்டும் என்றது. விற்கும்போது இரண்டு ரூபாய் குறைத்து வாங்குவதும், திருப்பும்போது இரண்டு ரூபாய் கூட்டித் தருவதும் கடன் வாங்கியவருக்கு ஒரே வகைச் சுமைதானே.

இதுவரை பேசியது செலவைப் பற்றி. அதைத் திருப்பித் தரும் பணம் எங்கிருந்து வரும் என்பது வேறு கேள்வி. அங்கேதான் கடன்பத்திர மீட்புக் காப்பு நுழைகிறது.

2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், 71-ஆவது பிரிவு சொல்வது இது: கடன்பத்திரம் வெளியிட்ட நிறுவனம், பங்கு ஈவாகப் பிரித்துக்கொடுக்கத் தகுதியான லாபத்திலிருந்து ஒரு தொகையை மீட்புக் காப்புக் கணக்குக்கு மாற்ற வேண்டும், பத்திரங்களை மீட்பதைத் தவிர வேறு எதற்கும் அதைத் தொடக் கூடாது. எத்தனை சதவீதம் என்பதை விதிகள் முடிவு செய்கின்றன. முன்பு 25 ஆக இருந்தது. 2019 ஆகஸ்டில் பட்டியலிடப்படாத நிறுவனங்களுக்கு அது 10 ஆகக் குறைக்கப்பட்டது. நம் நிறுவனத்துக்கு ஒரு கோடி.

அந்த ஒரு கோடி எந்த வங்கியில் இருக்கிறது என்று கேட்டால், பதில் எங்கும் இல்லை என்பதே. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். காப்புக் கணக்குக்கு லாபத்தை மாற்றுவது பேரேட்டில் ஒரு வரி மட்டுமே. ‘உபரி லாபம்’ என்ற தலைப்பிலிருந்து ‘மீட்புக் காப்பு’ என்ற தலைப்புக்கு ஒரு எண் இடம் மாறுகிறது. பணம் அதற்குள் எந்திரமாகவோ, கிடங்குச் சரக்காகவோ, வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கியாகவோ ஆகியிருக்கலாம். அப்படியானால் என்ன பயன்? பங்குதாரர்கள் அந்த ஒரு கோடியை ஈவாக எடுத்துப் போக முடியாது. கடன் கொடுத்தவர் காத்திருக்கையில் உரிமையாளர்கள் லாபத்தைத் துடைத்துச் செல்வதற்கு ஒரு தடுப்பு. அவ்வளவுதான் அதன் வேலை. சிறிய வேலையும் அல்ல.

அதன் வரம்பும் அதே வாக்கியத்தில் இருக்கிறது: ‘ஈவாகத் தரத் தகுதியான லாபத்திலிருந்து’. லாபமே இல்லாத நிறுவனம் எதிலிருந்து ஒதுக்கும்? நட்டத்தில் தத்தளிக்கும் நிறுவனத்தின் கணக்கில் இந்தக் காப்பு குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். பத்திரக்காரருக்குப் பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது மெலிந்து நிற்கும்.

ரொக்கத்தை வெளியே எடுத்துவைக்க வேறொரு விதி இருக்கிறது. ஒரு நிதியாண்டில் முதிரும் பத்திரங்களின் தொகையில் குறைந்தது 15 சதவீதத்தை, அந்த நிதியாண்டின் ஏப்ரல் 30-க்குள், அட்டவணை வங்கியில் வைப்புத் தொகையாகவோ, வில்லங்கம் இல்லாத அரசுப் பத்திரங்கள் போன்றவற்றிலோ முதலீடு செய்ய வேண்டும். அந்த ஆண்டு முதிரும் பத்திரங்களை மீட்க மட்டுமே அதை எடுக்கலாம். நம் நிறுவனம் 2026 ஏப்ரல் 30-க்குள் ஒன்றரைக் கோடியை ஒதுக்கியாக வேண்டும். ஐந்து மாதம் கழித்து முதிர்வு.

இனி கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். செப்டம்பர் 30 அன்று தர வேண்டியது 11 கோடி. உண்மையில் ரொக்கமாக நிற்பது ஒன்றரைக் கோடியும் அதன் சிறு வட்டியும். 10 சதவீதமும் 15 சதவீதமும் நடைமுறையில் முகமதிப்பின் மேல்தான் கணக்கிடப்படுகின்றன. பிரீமியமாகத் தர வேண்டிய ஒரு கோடி அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. பிரீமியத்தை 10-இலிருந்து 30 சதவீதமாக உயர்த்தி, ஆண்டு வட்டியைக் குறைத்து எழுதினாலும் கட்டாயக் காப்பு அதே ஒரு கோடிதான்; கட்டாய முதலீடும் அதே ஒன்றரைக் கோடிதான். முதிர்வு நாளின் சுமை மட்டும் 13 கோடியாகிவிடும். இது விதியில் உள்ள ஓட்டை என்றே சொல்லத் தோன்றுகிறது.

மீதம் ஒன்பதரைக் கோடி அந்த ஆண்டின் வியாபார வரவிலிருந்து வர வேண்டும், அல்லது புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைக்க வேண்டும். இரண்டாவது வழி, கடன் சந்தை தாராளமாக இருக்கும்வரை யார் கண்ணுக்கும் படாமல் நடக்கும். 2018-இல் ஐஎல்&எஃப்எஸ் தவணை தவறியபின் சந்தை கையை இறுக்கிக்கொண்டது; பழைய கடனைப் புதுக் கடனால் உருட்டிவந்த நிதி நிறுவனங்கள் பல திணறின. ஆனாலும் அடுத்த ஆண்டு பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கு இந்தக் காப்பு இனித் தேவையில்லை என்று அறிவித்தார். அவை ரிசர்வ் வங்கிக்காக ஏற்கெனவே தனிக் காப்பு வைத்திருக்கின்றன என்பது காரணம். ஆகஸ்டில் வந்த விதித் திருத்தம் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கும் காப்பிலிருந்து விலக்களித்தது. அதாவது, சாதாரண முதலீட்டாளர் பொது வெளியீட்டில் வாங்கும் பெரும்பாலான பத்திரங்களின் பின்னால் இன்று இந்தக் காப்பு சட்டப்படி கட்டாயமில்லை.

ஆகவே பத்திரம் வாங்குபவர் ஆண்டறிக்கையில் மூன்று இடங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. காப்புகள் பற்றிய குறிப்பில் மீட்புக் காப்பு ஆண்டுக்காண்டு ஏறுகிறதா என்று முதலில் பார்க்கலாம். ஏறாமல் நின்றுவிட்டால் விலக்கு காரணமா, லாபம் வறண்டதா என்று பிரித்தறிய வேண்டும். அடுத்து, சொத்துப் பக்கத்தில் பத்திர மீட்புக்கென்று குறிக்கப்பட்ட வைப்போ முதலீடோ இருக்கிறதா என்பது. மூன்றாவது, அடுத்த பன்னிரண்டு மாதங்களில் முதிரும் கடனையும் வியாபாரத்திலிருந்து வரும் ரொக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. முன்னதைவிடப் பின்னது மிகவும் சிறியதாக இருந்தால், புதுக் கடனை நம்பித்தான் நிறுவனம் நாளைக் கடத்துகிறது என்று அர்த்தம். தவணை தவறினால் பத்திரக்காரர்களோ அவர்களுக்கான அறங்காவலரோ தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அசலையும் வட்டியையும் உடனே தரும்படி அது உத்தரவிட முடியும்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தால் காப்புக்கு என்ன ஆகும்? 11 கோடியும் போய்ச் சேர்ந்தபின் அந்த ஒரு கோடி செலவாகியிருக்காது. மீட்புக் காப்பிலிருந்து பொதுக் காப்புக்கு மாற்றி இன்னொரு வரி எழுதுவார்கள். ஐந்து ஆண்டுகளாகப் பங்குதாரர்கள் தொட முடியாமல் இருந்த லாபம், அன்றோடு அந்தக் கட்டிலிருந்து விடுபடும்.